முட்டை வெளிவந்த பிறகு எண்ணும் நாட்கள்: அன்றும் இன்றும்

அன்று அது கட்டம் போட்ட ஒரு தாள். தலைமாட்டில் ஒரு பாதரச வெப்பமானியும் பென்சிலும் இருக்கும். காலையில் கண் விழித்ததும், எழுந்து உட்காராமல், யாரிடமும் பேசாமல், வெப்பமானியை நாக்கின் அடியில் சில நிமிடம் வைத்திருந்து, காட்டிய எண்ணைத் தாளில் ஒரு புள்ளியாகக் குறிக்க வேண்டும். மாதவிடாய்ச் சுழற்சியின் முதல் பாதியில் புள்ளிகள் தாழ்வாகவே போகும். முட்டை வெளிவந்ததும் புரோஜெஸ்டிரோன் சுரந்து உடம்பைச் செல்சியஸ் கணக்கில் கால் டிகிரி, சிலருக்கு அரை டிகிரி வரை சூடாக்கும். புள்ளிகள் ஒரு படி ஏறி நிற்கும். அடுத்த மாதவிடாய் வருகையில் மறுபடி இறங்கும். அந்த மேல்படியில் எத்தனை புள்ளிகள் என்று எண்ணினால் அதுதான் லூட்டியல் காலம்.

இன்று அந்தத் தாள் கைப்பேசிக்குள் போய்விட்டது. சில மாதங்களுக்கு முன் என் அக்கா மகள் தன் கைப்பேசியை என் முன்னால் நீட்டினாள். "சித்தி, எனக்கு லூட்டியல் ஃபேஸ் பத்து நாள்தான்னு ஆப் காட்டுது. போன தடவை கரு நிக்காமப் போனது இதனாலதானா?"

நான் மகப்பேறு மருத்துவர். இதே கேள்வியைத் தாளை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு வந்த பெண்களும் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். அவர்களுக்கு அன்று நாங்கள் சொன்ன பதிலை இவளுக்கு என்னால் சொல்ல முடியவில்லை. ஏன் முடியவில்லை என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முட்டை வெளிவந்த இடத்தில் சூலகத்தில் எஞ்சும் பை, கார்பஸ் லூட்டியம் என்ற மஞ்சள் நிறச் சுரப்பியாக மாறுகிறது. அது தரும் புரோஜெஸ்டிரோன்தான் கருப்பையின் உட்சுவரைக் கரு பதிவதற்கு ஏற்றபடி பக்குவப்படுத்துகிறது. கரு பதியாவிட்டால் அந்தச் சுரப்பி ஏறத்தாழ 2 வாரத்தில் தானாக ஒடுங்கிவிடும். புரோஜெஸ்டிரோன் குறைந்து உட்சுவர் உதிரும். கரு பதிந்துவிட்டால் அதிலிருந்து வரும் எச்.சி.ஜி என்ற ஹார்மோன் சுரப்பியை ஒடுங்கவிடாமல் காக்கும். வீட்டில் சிறுநீரில் பார்க்கும் கர்ப்பப் பரிசோதனை அட்டை காட்டுவதும் இந்த எச்.சி.ஜியைத்தான்.

இந்த இடைக்காலம் குறைந்தால் கருவுக்கு ஆபத்து என்ற எண்ணத்துக்கு மருத்துவ வடிவம் கொடுத்தவர் ஜார்ஜியானா சீகர் ஜோன்ஸ். எச்.சி.ஜி வருவது பிட்யூட்டரியிலிருந்து அல்ல, நஞ்சுக்கொடித் திசுவிலிருந்து என்று காட்டியவர்களில் ஒருவர் அவர். அமெரிக்காவின் பால்டிமோர் நகரில், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் பணியாற்றிய அவர், 1949-இல் வெளியிட்ட கட்டுரையில் லூட்டியல் குறைபாட்டை ஒரு தனி நோய்நிலையாக முன்வைத்தார். சில பெண்களுக்கு முட்டை வெளிவந்தாலும் அதன் பின் வரும் சுரப்பி வலுவாக வேலை செய்வதில்லை, உட்சுவர் பக்குவப்படுவதில்லை, அதனால் கரு தங்குவதில்லை, தங்கினாலும் நிலைப்பதில்லை என்பது அவர் கருத்து. புரோஜெஸ்டிரோன் கொடுத்தால் சரியாகும் என்ற சிகிச்சையும் அதிலிருந்தே பிறந்தது.

அடுத்த ஆண்டே அதற்கு ஓர் அளவுகோலும் கிடைத்தது. நாய்ஸ், ஹெர்டிக், ராக் என்ற மூவர் கருப்பை உட்சுவரின் திசுவை நுண்ணோக்கியில் பார்த்து, அது சுழற்சியின் எத்தனையாம் நாளுக்குரிய தோற்றத்தில் இருக்கிறது என்று சொல்லும் முறையை 1950-இல் வெளியிட்டார்கள். அரை நூற்றாண்டுக்கு உலகம் முழுவதும் அந்த அட்டவணைதான் வேதம்.

என் பயிற்சிக் காலத்திலும் அதுதான். மாதவிடாய் வர இரண்டு மூன்று நாள் இருக்கும்போது பெண்ணை வரச் சொல்வோம். கருப்பை வாய் வழியாக ஒல்லியான ஒரு சுரண்டியை உள்ளே செலுத்தி, உட்சுவரிலிருந்து ஒரு கீற்று எடுப்போம். அந்த ஒரு நொடியில் அடிவயிற்றைச் சுருட்டி இழுக்கும் வலி வரும். மேசையின் ஓரத்தை இறுகப் பிடித்துக்கொள்ளாத பெண்ணை நான் பார்த்ததில்லை. அந்தக் கீற்று ஃபார்மலின் குப்பியில் போடப்பட்டு நோயியல் துறைக்குப் போகும். அடுத்த மாதவிடாய் என்றைக்கு வந்தது என்று அந்தப் பெண் வந்து சொன்ன பிறகு, அதிலிருந்து பின்னோக்கி எண்ணி, திசு எடுத்தது 26-ஆம் நாள் என்று கொள்வோம். அறிக்கை "23-ஆம் நாள் தோற்றம்" என்று சொன்னால் உட்சுவர் 3 நாள் பின்தங்கியிருக்கிறது என்று பொருள். இரண்டு சுழற்சிகளில் இப்படி 2 நாளுக்கு மேல் பின்தங்கினால் லூட்டியல் குறைபாடு உறுதி என்று எழுதுவோம். கையில் சீட்டும், மனதில் "என் கருப்பை கருவைத் தாங்காது" என்ற ஒரு வாக்கியமும் சேர்ந்தே வீட்டுக்குப் போகும்.

இந்த நம்பிக்கை வெறும் ஊகத்தில் நின்றதும் அல்ல. 1970-களின் தொடக்கத்தில் ஆர்பாட் சாப்போ என்ற ஆய்வாளர், கர்ப்பத்தின் தொடக்க வாரங்களில் கார்பஸ் லூட்டியத்தை அறுவை செய்து அகற்றினால் கர்ப்பம் கலைந்துவிடுகிறது என்றும், வெளியிலிருந்து புரோஜெஸ்டிரோன் கொடுத்தால் அது தொடர்கிறது என்றும் காட்டினார். ஏறத்தாழ 7 முதல் 9 வாரத்துக்குள் நஞ்சுக்கொடி அந்தப் பொறுப்பை ஏற்றுக்கொள்கிறது. அதற்கு முன் அந்தச் சுரப்பி இல்லாமல் கர்ப்பம் இல்லை. இதில் இன்றும் ஐயமில்லை. ஆனால் சுரப்பியே இல்லாவிட்டால் கரு கலையும் என்பதிலிருந்து, கர்ப்பம் இல்லாத ஒரு மாதத்தில் அது 2 நாள் முன்னதாக ஒடுங்கியதால் அடுத்த கர்ப்பம் கலையும் என்று சொல்லிவிட முடியாது. இடையில் ஒரு பெரிய தாவல் இருக்கிறது. அந்தத் தாவலை நாங்கள் கவனிக்காமலே தாண்டினோம்.

கோட்பாடு சரியாகத் தோன்றுகிறது என்பதற்காக மருந்து கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கும் அந்தக் காலமே சாட்சி. கருச்சிதைவைத் தடுக்கும் என்று டை எத்தில் ஸ்டில்பெஸ்ட்ரால் என்ற செயற்கை ஈஸ்ட்ரோஜன் கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கப்பட்டது. அது உடலில் புரோஜெஸ்டிரோன் சுரப்பைக் கூட்டும் என்பது அதன் பின்னால் இருந்த வாதம். சிகாகோவில் நடந்து 1953-இல் வெளியான ஒப்பீட்டுச் சோதனை அதனால் பயனில்லை என்று காட்டியது. அதன் பிறகும் அது கொடுக்கப்பட்டது. அந்த மருந்தோடு கருவில் வளர்ந்த பெண்களில் சிலருக்கு இளவயதிலேயே அரிய வகைப் பிறப்புறுப்புப் புற்றுநோய் வருவது 1971-இல் தெரியவந்த பிறகுதான் கை நின்றது.

மாற்றம் தொடங்கியது வீட்டு உறைபெட்டியிலிருந்து. 1980-களில் அமெரிக்காவின் வட கரோலைனாவில், கருத்தரிக்க விரும்பிக் கருத்தடையை நிறுத்திய 221 பெண்கள் தினமும் காலையில் முதல் சிறுநீரைச் சிறு குப்பியில் பிடித்து உறையவைத்துச் சேர்த்தார்கள். ஆலன் வில்காக்ஸும் அவர் குழுவினரும் அந்தக் குப்பிகளில் எச்.சி.ஜி எந்த நாளில் முதன்முதலாகத் தோன்றுகிறது என்று பார்த்தார்கள். 1988-இல் வெளியான முடிவு எங்களை உலுக்கியது. கண்டறிந்த 198 கர்ப்பங்களில் 31 சதவீதம் கலைந்திருந்தன. அவற்றில் பெரும்பாலானவை, அதாவது மொத்தத்தில் 22 சதவீதம், கர்ப்பம் என்று தெரிவதற்கு முன்பே கலைந்தவை. நம் வீடுகளில் "நாள் தள்ளிப்போய் வந்துடுச்சு" என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்த்தார்களே, அவற்றில் எத்தனையோ இந்த வகைதான்.

அதே குப்பிகளிலிருந்து 1999-இல் வந்த இரண்டாவது முடிவுதான் என் அக்கா மகளின் கேள்விக்கு மிக அருகில் வருகிறது. ஆறு வாரத்துக்கு மேல் நிலைத்த கர்ப்பங்களில், கரு பதிந்தது முட்டை வெளிவந்த 6-ஆம் நாளிலிருந்து 12-ஆம் நாளுக்குள். அவற்றில் 84 சதவீதம் 8, 9, 10-ஆம் நாட்களில். 9-ஆம் நாளுக்குள் பதிந்த கருக்களில் 13 சதவீதமே தொடக்கத்தில் கலைந்தன. 10-ஆம் நாள் பதிந்தவற்றில் 26, 11-ஆம் நாள் பதிந்தவற்றில் 52, அதற்கும் பிந்திப் பதிந்தவற்றில் 82 சதவீதம் கலைந்தன. தாமதமாகப் பதிவதற்கும் கலைவதற்கும் இவ்வளவு வலுவான தொடர்பு.

இந்தக் கணக்கைப் பார்த்ததும், "அப்படியானால் குறுகிய லூட்டியல் காலம் ஆபத்துதானே? 9 நாளில் சுவர் உதிரத் தொடங்கினால் 9-ஆம் நாள் பதியும் கரு என்ன செய்யும்?" என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் கொஞ்சம் நிதானமாக யோசித்தால், அப்படி நடந்தால் அந்த மாதம் கர்ப்பமே தெரியாமல் மாதவிடாய் வரும். அந்தப் பெண்ணுக்கு அது கருத்தரிக்கக் கூடுதல் மாதங்கள் ஆவதாகத்தான் தெரியும். உறுதியான கர்ப்பம் கலைவதாகத் தெரியாது. கரு பதிந்து எச்.சி.ஜி வரத் தொடங்கிவிட்டால் சுரப்பிக்கு ஆயுள் நீளும். அதனால் தொடக்கத்திலேயே கலையும் கர்ப்பத்தில் லூட்டியல் காலம் குறைவதைவிட ஒன்றிரண்டு நாள் நீள்வதே வழக்கம். கலைந்த அந்த மாதத்தின் நாட்கணக்கை வைத்து "நாள் குறைவு, அதனால் கலைந்தது" என்று சொல்ல வழியே இல்லை. முந்தைய மாதத்தின் கணக்கை வைத்துத்தான் சொல்ல வேண்டும். அப்போது அடுத்த கேள்வி எழுகிறது: ஒரு மாதம் குறுகினால் மறுமாதமும் குறுகுமா?

பெரும்பாலும் குறுகுவதில்லை. மாதவிடாய் ஒழுங்காக வரும் 259 ஆரோக்கியமான பெண்களை நியூயார்க் மாநிலத்தின் பஃபலோவில் பின்தொடர்ந்த ஆய்வில், 10 நாளுக்குக் குறைவான லூட்டியல் காலம் ஏறத்தாழ 9 சதவீதச் சுழற்சிகளில் தென்பட்டது. அடுத்தடுத்து இரண்டு சுழற்சிகளிலும் குறுகியவர்கள் 3.4 சதவீதம் மட்டுமே. ஒரு மாதம் குறுகுவதற்குப் பட்டினியோ, கடும் உடற்பயிற்சியோ போதும். எந்தக் காரணமும் இல்லாமலும் அது நடக்கும்.

2017-இல் வட கரோலைனாவிலிருந்தே இன்னொரு கணக்கு வந்தது. 30 முதல் 44 வயது வரையுள்ள 284 பெண்கள், 1,635 சுழற்சிகள். முட்டை வெளிவந்த நாளையும் சேர்த்து 11 நாள் அல்லது அதற்குக் குறைவாக இருந்தவை 18 சதவீதம். அப்படிக் குறுகிய சுழற்சிக்கு அடுத்த மாதம் கருத்தரிக்கும் வாய்ப்பு சற்றே குறைந்தது. முதல் 6 மாதங்களில் இந்தப் பெண்கள் பின்தங்கினார்கள். 12 மாதம் முடிந்தபோது இரு தரப்புக்கும் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை. நான் மேலே சொன்ன யோசனையோடு இது பொருந்திப்போகிறது: குறுகிய காலம் கொஞ்சம் தாமதப்படுத்தலாம், அதுவும் எல்லோரையும் அல்ல.

அந்தச் சுரண்டியின் கதை 2004-இல் முடிந்தது. அமெரிக்காவில் பல மையங்களில் நடந்த ஆய்வில், குழந்தை பெற்ற பெண்களிடமும் கருத்தரிக்கச் சிரமப்படும் பெண்களிடமும் அதே திசுச் சோதனையைச் செய்து பார்த்தார்கள். சுழற்சியின் இறுதிப் பகுதியில் எடுத்த திசுக்களில், சிரமப்படும் பெண்களில் 23 சதவீதத்தினருக்குத்தான் நாள் பொருந்தாத அறிக்கை வந்தது. குழந்தை பெற்றவர்களில் 35 சதவீதத்தினருக்கு வந்தது. ஐம்பது ஆண்டுகளாக நாங்கள் நோய் என்று எழுதியது, நோயே இல்லாதவர்களிடம்தான் கூடுதலாக இருந்தது. அந்த மேசையின் ஓரத்தைப் பிடித்திருந்த கைகளை நான் அன்று நினைத்துக்கொண்டேன்.

இரத்தப் பரிசோதனையும் கை கொடுக்கவில்லை. சூலகம் புரோஜெஸ்டிரோனை ஒரே சீராகச் சுரப்பதில்லை, விட்டுவிட்டுச் சுரக்கிறது. லூட்டியல் காலத்தில் ஒரே பெண்ணிடம் ஒரே நாளில் பல முறை இரத்தம் எடுத்துப் பார்த்த 1984-ஆம் ஆண்டு ஆய்வில், அளவு 2.3-இலிருந்து 40 நானோகிராம் வரை ஏறி இறங்கியது. காலை 9 மணிக்குக் குறைபாடு, பத்தரைக்கு நலம் என்றாகும். "21-ஆம் நாள் புரோஜெஸ்டிரோன்" என்று சீட்டில் எழுதுவது இன்றும் வழக்கத்தில் இருக்கிறது. 28 நாள் சுழற்சிக்கு அது முட்டை வெளிவந்து ஒரு வாரம் கழிந்த நாள். 35 நாள் சுழற்சி உள்ள பெண்ணுக்கோ அன்றைக்குத்தான் முட்டை வெளிவரும். அளவு குறைவாக இராமல் வேறு எப்படி இருக்கும்? அந்தச் சோதனை முட்டை வெளிவந்ததா என்று சொல்லும். சுரப்பி வலுவானதா என்று சொல்லாது.

இனி என் அக்கா மகளின் கைப்பேசிக்கு வருகிறேன். அவளோடு உட்கார்ந்து ஒரே ஒரு மாதத்தை மட்டும் எடுத்துக்கொண்டேன். அந்த மாதம் 27 நாள் சுழற்சி. 28-ஆம் நாள் அடுத்த மாதவிடாய். உடல் வெப்பம் ஏறியது 18-ஆம் நாள் காலையில். செயலி 18 முதல் 27 வரை எண்ணி 10 என்று காட்டியிருந்தது. ஆனால் வெப்பம் முட்டை வெளிவந்த மறுகணமே ஏறுவதில்லை. ஒன்றிரண்டு நாள் பிந்தியும் ஏறும். அவள் எல்.எச் பட்டையும் பார்த்திருந்தாள். 15-ஆம் நாள் மாலை இரண்டாவது கோடு அழுத்தமாக விழுந்திருந்தது. எல்.எச் ஏறத் தொடங்கியதிலிருந்து ஏறத்தாழ ஒரு நாள் முதல் ஒன்றரை நாளுக்குள் முட்டை வெளிவரும். ஆகவே 16-ஆம் நாள் என்று கொள்ளலாம். 17 முதல் 27 வரை எண்ணினால் 11. வட கரோலைனா ஆய்வைப் போல முட்டை வெளிவந்த நாளையும் சேர்த்தால் 12. அதற்கு முந்தைய மாதம் 26, 27-ஆம் நாட்களில் இலேசாகத் துளி பட்டதை அவள் மாதவிடாயாகவே குறித்திருந்தாள். இந்த மாதமும் 26-ஆம் நாளை அப்படி மாதவிடாயின் தொடக்கமாகக் குறித்திருந்தால் செயலி 8 என்று காட்டியிருக்கும். மாதவிடாயின் முதல் நாள் என்பது துணி மாற்றும் அளவுக்கு உதிரம் வரும் நாள். துளி படும் நாள் அல்ல. ஆக ஒரே உடம்பு, ஒரே மாதம். 8, 10, 11, 12 என்று நான்கு பதில்கள்.

அப்புறம் அவள் இழந்த கர்ப்பத்தைப் பற்றிப் பேசினோம். தொடக்கத்திலேயே கலையும் கர்ப்பங்களில் ஏறக்குறைய பாதியில் கருவின் குரோமோசோம் எண்ணிக்கையே பிசகியிருக்கும். அத்தகைய கரு எச்.சி.ஜியைக் குறைவாகவே தரும்; சுரப்பிக்குப் போதிய தூண்டல் கிடைக்காது; புரோஜெஸ்டிரோன் இறங்கும். அப்போது எடுத்த இரத்தத்தில் புரோஜெஸ்டிரோன் குறைவு என்று வந்தால், அது கலைவுக்குக் காரணமா, கலைந்துகொண்டிருப்பதன் விளைவா? பல நேரம் விளைவுதான். தாமதமாகப் பதிந்த கருக்களின் கதையிலும் இதே ஐயம் உண்டு: பலவீனமான கருதான் மெதுவாக வளர்ந்து பிந்திப் பதிகிறதோ என்னவோ.

புரோஜெஸ்டிரோனைக் கொடுத்துப் பார்த்த பெரிய சோதனைகளும் வந்துவிட்டன. காரணம் தெரியாமல் மீண்டும் மீண்டும் கருச்சிதைவு ஆன 836 பெண்களை இரு குழுவாகப் பிரித்து, கர்ப்பம் உறுதியானதும் தொடங்கிக் கொடுத்ததில், குழந்தை பிறந்தது புரோஜெஸ்டிரோன் பெற்றவர்களில் 65.8 சதவீதம், வெற்று மாத்திரை பெற்றவர்களில் 63.3 சதவீதம். சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை. இது 2015. ஆனால் மருந்து தொடங்கியது பரிசோதனை அட்டை கோடு காட்டிய பிறகுதான். அதற்கு முந்தைய லூட்டியல் நாட்களை அந்தச் சோதனை தொடவில்லை. 2019-இல் பிரிட்டனில் 4,153 பெண்களிடம், தொடக்கக் கர்ப்பத்தில் உதிரம் பட்டபோது கொடுத்துப் பார்த்தார்கள். குழந்தை பிறந்ததில் மொத்தத்தில் 75 சதவீதத்துக்கு 72 சதவீதம் என்ற சிறு வேறுபாடுதான். ஆனால் ஏற்கெனவே 3 அல்லது அதற்கு மேல் கருச்சிதைவு ஆனவர்களில் 72-க்கு 57 என்று இடைவெளி விரிந்தது. இதனால்தான் முன்பு கருச்சிதைவு ஆன பெண்ணுக்கு, மறுபடி கர்ப்பமாகி உதிரம் பட்டால், கர்ப்பம் கருப்பைக்குள் இருப்பது உறுதியானதும் 400 மில்லிகிராம் வீதம் தினம் 2 முறை புரோஜெஸ்டிரோன் தரலாம் என்று பிரிட்டனின் வழிகாட்டுதல் 2021-இல் சொன்னது. சோதனைக்குழாய் முறையிலும் அது தேவை. அங்கே கொடுக்கும் மருந்துகளே இயல்பான சுரப்பை அடக்கிவிடுகின்றன. இந்த இரண்டு இடங்களிலும் மருந்தைத் தீர்மானிப்பது செயலி காட்டும் நாட்கணக்கு அல்ல.

அமெரிக்க இனப்பெருக்க மருத்துவச் சங்கம் 2021-இல் சொன்னதும் இதை ஒட்டியதே. 10 நாள் அல்லது அதற்குக் குறைவான லூட்டியல் காலத்தைக் குறைபாடு என்று வரையறுக்கலாம். ஆனால் அதைக் கண்டறிய நம்பத்தக்க சோதனை இல்லை. அது மட்டுமே குழந்தையின்மைக்குக் காரணம் என்பது நிறுவப்படவும் இல்லை.

நாட்களை எண்ணுவதே வீண் என்று நான் சொல்ல வரவில்லை. சரியாக எண்ணியும், மாதத்துக்கு மாதம் 10 நாளைத் தாண்டவே இல்லையென்றால் அது ஒரு தடயம். தைராய்டு சரியில்லையா, புரோலாக்டின் கூடியிருக்கிறதா, உடம்பு செலவழிக்கும் அளவுக்குச் சாப்பாடு இல்லையா, இன்னும் பால் கொடுத்துக்கொண்டிருக்கிறாரா, மாதவிடாய் நிற்கும் வயது நெருங்குகிறதா என்று பார்க்கச் சொல்லும் தடயம். இவற்றில் சரிசெய்ய வேண்டியது எதுவோ அதைச் சரிசெய்தால் நாட்களும் பெரும்பாலும் தாமாக நீளும்.

என் அக்கா மகளுக்கு டி.எஸ்.எச்., புரோலாக்டின் இரண்டும் எழுதிக் கொடுத்தேன். இரண்டும் சரியாக இருந்தன. அடுத்த மூன்று மாதம் எல்.எச் பட்டையை மட்டும் வைத்து எண்ணச் சொன்னேன். 12, 11, 13 என்று வந்தது. மறுபடி கர்ப்பமாகி உதிரம் பட்டால் அன்றே வரச் சொல்லியிருக்கிறேன். "அப்போ போன தடவை என் உடம்புல குறை இல்லையா சித்தி?" என்று கேட்டாள். இருந்தது என்று காட்ட என்னிடம் எதுவும் இல்லை என்றேன். முன்பெல்லாம் அந்த இடத்தில் நான் ஒரு சீட்டை எழுதி நீட்டியிருப்பேன்.